சண்முகம் கிழித்த டிக்கெட்

அன்புள்ள ஐயா,

ஓய்வுபெறப்போகும் ஒரு கண்டக்டரைப் பற்றிக் கதை எழுதி உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். ‘சண்முகம் நேர்மையானவர், கண்டிப்பானவர், ஆனால் இளகிய மனசுக்காரர்’ என்று முதல் பத்தியில் சொல்லியிருக்கிறேன். படித்த நண்பர், ஆள் கண்முன் வரவே இல்லை என்கிறார். இந்த மூன்றையும் சொல்லாமல் எப்படிக் காட்டுவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கதையைப் படித்தேன். சில்லறை இல்லாதபோது சண்முகம் டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுக்கிறார் என்று நடுவில் ஒரு வரி வருகிறது. அதை எல்லாக் கண்டக்டரும் செய்வார்கள். அதில் வேலை தெரிகிறது, ஆள் தெரியவில்லை. பாக்கிக்காரர் இறங்கும் நிறுத்தத்துக்கு முந்தைய நிறுத்தத்திலேயே, கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவர் தேடிப்போய்க் கொடுக்கிறார் என்று எழுதுங்கள். அப்போது அது சண்முகத்தின் பழக்கம். எழுதிய பழக்கத்தை அடுத்த வண்டிக் கண்டக்டருக்குக் கொடுத்துப் பாருங்கள். அவருக்கும் அப்படியே பொருந்தினால் இன்னும் தேட வேண்டும்.

பழக்கம் ஒருவரை அடையாளம் காட்டும். அவர் யார் என்பது, எதையாவது இழந்தால்தான் இன்னொன்றைச் செய்ய முடியும் என்ற இடத்தில்தான் தெரியவரும். உங்கள் கதையிலேயே அந்த இடம் இருக்கிறது. கடைசி வண்டியில் காசில்லாமல் ஒரு பாட்டி ஏறுகிறார். நீங்கள் ‘சண்முகம் இரக்கப்பட்டு விட்டுவிட்டார்’ என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். அங்கே நில்லுங்கள்.

டிக்கெட் இல்லாமல் கூட்டிப்போனால் இரக்கம் இருக்கும், நேர்மை போய்விடும். வழியில் செக்கிங் ஏறினால் பதில் சொல்லவும் வேண்டும். இறக்கிவிட்டால் கண்டிப்பு மட்டும் மிஞ்சும். மூன்றும் உள்ள மனிதர் என்ன செய்வார்? தன் சட்டைப்பையிலிருந்து 15 ரூபாயை எடுத்துத் தோல்பைக்குள் போடுவார். டிக்கெட்டைக் கிழித்துப் பாட்டி கையில் கொடுப்பார். கூடவே, “காசில்லாம இனி ஏறக்கூடாது, சொல்லிட்டேன்” என்று அதட்டுவார். அடுத்த ஊரில் வண்டி நிற்கும்போது டிரைவர் டீக்குக் கூப்பிடுவார். “நீ குடிப்பா, எனக்கு வேணாம்” என்பார் சண்முகம். அவர் தினமும் அங்கே டீ குடிப்பவர் என்பதை முன்பே ஒரு தடவை காட்டியிருந்தீர்களானால், காசு எங்கே போனது என்று வாசகரே கண்டுபிடித்துக்கொள்வார்.

இங்கேதான் பெரும்பாலும் கை தவறுகிறது. காட்சியை எழுதி முடித்ததும் பயம் வந்து, ‘அவ்வளவு இளகிய மனம் அவருக்கு’ என்று ஒரு வரி சேர்த்துவிடுவோம். வாசகர் தானே கண்டுபிடித்ததை அந்த வரி பிடுங்கிக்கொள்ளும். என் கதைகளைத் திருத்தும்போது ஒவ்வொரு காட்சியின் கடைசி வரியையும் விரலால் மறைத்துப் பார்ப்பேன். நிறைய வரிகள் அப்படியே போய்விடும்.

அடைமொழியே ஆகாது என்று நான் சொல்லவில்லை. ஒரு நிமிடம் வந்துபோகும் டிரைவருக்கு ‘சிடுசிடுப்பான’ என்ற ஒரு சொல் போதும். பாத்திரங்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் பேசும்போதும் அது வரலாம். ‘கல்நெஞ்சக்காரன்’ என்று பாட்டி முணுமுணுத்துக்கொண்டே இறங்கட்டும். சண்முகம் பாதி கேட்டும் கேட்காததுபோல விசில் கொடுக்கட்டும்.

முதல் பத்தியை எடுத்துவிட்டு, அவர் பாக்கி கொடுக்கக் கூட்டத்துக்குள் நுழையும் இடத்திலிருந்து தொடங்கி எழுதி அனுப்புங்கள்.