பணம் எங்கே போனது? பற்றுச்சீட்டைப் பாருங்கள்

கொழும்பில் வேலை செய்கிறேன். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் அம்மாவுக்குக் காசுக்கட்டளை எடுத்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்று வாரமாகியும் கடிதம் போய்ச் சேரவில்லை. பணம் போய்விட்டதா?

இல்லை மகள். காணாமல் போனது கடிதம். பணம் தபாலகக் கணக்கில்தான் இருக்கும், யாராவது அதை மாற்றியிருந்தாலொழிய. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

உங்களிடம் இரண்டு பற்றுச்சீட்டுகள் இருக்கும். பதிவுத் தபால் சீட்டிலுள்ள இலக்கத்தை வைத்து, கடிதம் எந்தத் தபாலகம் வரை போனது, யார் கையெழுத்திட்டு எடுத்தார் என்று கேளுங்கள். லயங்களுக்குத் தனி இலக்கம் இல்லாத தோட்டங்களில் கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்குப் போய், அங்கிருந்து கைமாறுகின்றன. ஒரே டிவிஷனில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் போதும், தவறிவிடும்.

காசுக்கட்டளைச் சீட்டோடு, அதை எடுத்த அதே தபாலகத்துக்குப் போய் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். கட்டளை இலக்கம், திகதி, தொகை, அம்மாவின் பெயர் நான்கும் அதில் இருக்கட்டும். ‘பணம் கொடுக்கப்பட்டதா?’ என்ற ஒரே கேள்விக்குப் பதில் கேளுங்கள். கொடுக்கப்படவில்லை என்றால், பணத்தைத் திரும்பப் பெறும் வழியை அங்கேயே கேட்கலாம். கொடுத்தாயிற்று என்றால், பெற்றவரின் கையெழுத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் அம்மாவுடையதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பொருந்தாவிட்டால் பொலிஸுக்குப் போகலாம்.

மூலச் சீட்டை யாரிடமும் விட்டுவராதீர்கள். பிரதி கொடுங்கள், முறைப்பாட்டின் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். இன்னொன்று: கடைகளில் தரும் வழுவழுப்பான தாள், வெயிலும் சூடும் பட்டால் வெளிறிவிடும். நான் வாங்கிய நீர்சூடாக்கி உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே பழுதானது. சீட்டைக் கொண்டுபோனால் வெறுந்தாள். கடைக்காரர் கைவிரித்தார். ஆறு மாதம் தாங்காத தாளில் ஒரு வருட உத்தரவாதம் எழுதித் தருவது அநியாயம். அன்றிலிருந்து எந்தச் சீட்டையும் கையில் வாங்கியவுடன் படம் எடுத்துவிடுகிறேன்.

ஹட்டனில் ஒரு கடையில் ஈஸி கேஷ் போட்டேன். போய்விட்டது என்கிறார் கடைக்காரர். அண்ணனுக்கு வரவில்லை.

கடைக்காரரின் தொலைபேசிக்கு வந்த குறுஞ்செய்தியைக் காட்டச் சொல்லுங்கள். அதில் கொடுக்கல்வாங்கல் இலக்கமும் பெற்றவரின் தொலைபேசி இலக்கமும் இருக்கும். இலக்கம் ஒன்று மாறியிருந்தால் உடனே நிறுவனத்துக்கு அழையுங்கள், அந்த ஆள் எடுத்துச் செலவழிக்குமுன். செய்தியே இல்லை என்றால் பணம் இன்னும் கடைக்காரரிடமே இருக்கலாம்.

கட்டாரிலிருந்து கணவர் உண்டியலில் அனுப்பினார். ஏஜென்ட் இப்போது போனை எடுப்பதில்லை. சீட்டு இல்லை.

பாவம் நீங்கள். அங்கே பணம் வாங்கியவரின் பெயர், இலக்கம், பேசிய செய்திகள் எல்லாவற்றையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு பொலிஸுக்குப் போங்கள். ஆனால் உண்டியல் அனுமதியற்றது, தேடித் தர எந்த அலுவலகமும் இல்லை. அடுத்த மாதம் வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள்.

காசுக்கட்டளைச் சீட்டைக் கசக்கி எறிந்துவிட்டேன். தொகையும் சரியாக ஞாபகமில்லை. கண்டுபிடிக்க முடியுமா?

அனுப்பிய தபாலகமும் திகதியும் ஞாபகம் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் முடியாது.