டில்லரும் ஸ்பிரேயரும் வாடகைக்கு: எத்தனை ஏக்கர் ஓடினால் கட்டும்?

கேள்வி: பெகு பக்கம் எங்களுக்கு 6 ஏக்கர் வயல். மழைக்கால நெல் அறுத்ததும் உளுந்து போடுவோம். ரோட்டரியோடு ஒரு பழைய பவர் டில்லர் 30 லட்சம் கியாட்டுக்கு வருகிறது. பாதிக் காசு இருக்கிறது, மீதியை மாதம் 3 வட்டிக்கு வாங்க வேண்டும். இங்கே ஏக்கருக்கு ஒரு சால் ஓட்ட, ஆளும் டீசலும் சேர்த்து 50,000 வாங்குகிறார்கள். இரண்டு பேட்டரி ஸ்பிரேயரும் சேர்த்து வாங்கி வாடகைக்கு விடலாம் என்கிறான் மகன். கட்டுமா?

பதில்: டில்லர் கட்டும், ஆனால் மயிரிழையில். அதைத் தீர்மானிக்கப்போவது வாடகை அல்ல, வட்டியும் சும்மா நிற்கும் மாதங்களும்தான்.

முதலில் ஒரு ஏக்கரில் என்ன மிஞ்சும் என்று பாருங்கள். சேற்றில் ஒரு சால் ஓட்ட 6 லிட்டர் டீசல் என்று வையுங்கள். லிட்டர் 3,000 என்றால் 18,000 போய்விடும். ஓட்டுகிறவருக்கு 10,000. கைக்கு நிற்பது 22,000.

அடுத்தது எத்தனை ஏக்கர் என்பது. ஒரு நாளைக்கு மூன்று ஏக்கர் என்று பலர் சொல்வார்கள். வரப்பு தாண்டி, வயலுக்கு வயல் நகர்த்தி, மண்ணில் சிக்கியதை எடுத்து விட்டு ஓட்டினால் இரண்டுதான் ஆகும். ஜூன், ஜூலையில் ஒரு சுற்று, அறுப்பு முடிந்து உளுந்துக்கு ஈரம் இருக்கும்போது இன்னொரு சிறு சுற்று. மழை கொட்டும் நாள், பெல்ட் அறுந்த நாள், உங்கள் சொந்த வயலுக்கான நாள் எல்லாம் போக 35 வாடகை நாள் கிடைத்தால் நல்ல வருஷம். ஆக 70 ஏக்கர், 15.4 லட்சம்.

இதிலிருந்து கழிக்க வேண்டியவை: ஐந்து வருஷம் ஓட்டி 10 லட்சத்துக்கு விற்றால் வருஷத்துக்கு 4 லட்சம் தேய்மானம். எண்ணெய், ரோட்டரி கத்தி, பெல்ட், ஆயில் சீல், அவ்வப்போது வரும் பெரிய வேலை என்று பழைய வண்டிக்கு 3 லட்சமாவது ஒதுக்க வேண்டும். 15 லட்சம் கடனுக்கு முதல் வருஷ வட்டி மட்டும் 5.4 லட்சம். மொத்தம் 12.4 லட்சம். 22,000 வீதம் பார்த்தால் 56 ஏக்கர் ஓடிய பிறகுதான் முதல் காசு உங்களுடையது. 70 ஓடினால் 3 லட்சம் மிஞ்சும். இதுவே 30 லட்சமும் வட்டிக்கு வாங்கியிருந்தால் 81 ஏக்கர் ஓட வேண்டும், அது உங்கள் பருவத்தில் கிடைக்காது. முழுக் காசும் கையில் இருந்தால் 32 ஏக்கர் போதும். அதனால் இன்னொரு சொந்தக்காரரோடு பங்கு போட்டாவது வட்டியைக் குறைக்கப் பாருங்கள்.

ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். பக்கத்து வயல்காரர்கள் அறுப்பு முடிந்து தருகிறேன் என்பார்கள், தரவும் செய்வார்கள். ஆனால் 20 ஏக்கர் கடனுக்கு ஓட்டினால் உங்கள் பணத்தில் வாங்கிய 3.6 லட்சம் டீசல் அந்த மாதங்கள் முழுக்கச் சிக்கிக்கிடக்கும். ஆகவே டீசலை வயல்காரரே கொண்டுவரட்டும், வாடகையை ஏக்கருக்கு 32,000 என்று பேசிக்கொள்ளுங்கள். டீசல் விலை ஏறினாலும் உங்கள் கணக்கு கெடாது. வண்டியை ஆள் இல்லாமல் யாருக்கும் கொடுக்க வேண்டாம். மகனோ, நீங்கள் நம்பும் ஒருவரோ மட்டும் ஓட்டட்டும்.

வாங்கும் முன் கியர் எண்ணெயைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் சீல் போய்ச் சேற்றுத்தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. பேரிங்கும் பல்சக்கரமும் அரித்திருக்கும், அந்த வண்டி வேண்டாம். வாங்கிய பிறகும் ஈர வயலில் ஓட்டும் காலத்தில் இதை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். சீல் சின்னச் செலவு, கியர்பாக்ஸ் அப்படி அல்ல. எஞ்சின் எண்ணெயை 100 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மணிக்கணக்கு முள் இல்லாவிட்டால் ஏக்கர் எண்ணிக்கையை வைத்தே குறிக்கலாம்: ஏக்கருக்கு நாலு மணி என்றால் 25 ஏக்கருக்கு ஒருமுறை.

சும்மா நிற்கும் எட்டு ஒன்பது மாதத்தில்தான் பல வண்டிகள் கெடுகின்றன. கொட்டகையில் ஏற்றும் முன்பே எஞ்சின் எண்ணெயை மாற்றிவிடுங்கள். பருவம் தொடங்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால், ஓடிக் கறுத்த எண்ணெயில் இருக்கும் அமிலம் அத்தனை மாதமும் உள்ளே அரிக்கும். குளிர்விக்கும் தண்ணீரை முழுக்க வடியுங்கள். டீசல் தொட்டியை நிரப்பி வையுங்கள், காலித் தொட்டியில் ஈரம் கோத்துத் தண்ணீராகும். பெல்ட்டைத் தளர்த்துங்கள். ஃப்ளைவீலைக் கையால் சுற்றி, இறுக்கமாகப் பிடிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அப்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரக்காற்று சிலிண்டருக்குள் போகாது.

சரி, ஸ்பிரேயர். இதில் வருமானம் சொற்பம், சண்டை வந்தால் பெரிது. காரணம் உங்கள் ஊர்ப் பயிர்முறையேதான். நெல்லில் அகன்ற இலைக் களைக்கு 2,4-டி அடிக்கிறார்கள். அந்த மருந்து நெல்லை விட்டுவிட்டு, உளுந்தைப் போன்ற செடிகளைக் கொல்லும் வகை. ஸ்பிரேயரைத் தண்ணீரில் ஒருமுறை அலசினால் அது முழுக்கப் போகாது. குழாய், வடிகட்டி, டேங்க் சுவர் எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும். அடுத்து ஒருவர் உளுந்துக்குப் பூச்சிமருந்து கலக்கும்போது, அந்த மருந்தில் உள்ள கரைப்பான் ஒட்டியிருந்ததையும் கரைத்து வெளியே கொண்டுவரும். ஓரிரு நாளில் தண்டு வளைந்து முறுக்கும், புதுத் துளிர் கிண்ணம்போல் சுருளும். முதல் டேங்க் அடிக்கத் தொடங்கிய இடத்தில் பாதிப்பு அதிகமாகவும், போகப்போகக் குறைவாகவும் இருந்தால் குற்றம் ஸ்பிரேயரில்தான். நோயாக இருந்தால் நீங்கள் நடந்த வரிசைப்படி வராது.

அதனால் இரண்டில் ஒன்றைக் களைக்கொல்லிக்கு என்றே ஒதுக்கி, அதன் டேங்கிலும் கைப்பிடியிலும் சிவப்புப் பெயின்ட் அடியுங்கள். அது உளுந்து வயலுக்குப் போகவே கூடாது. தவறிப்போய் மற்றதில் 2,4-டி ஊற்றிவிட்டால், நாசில் வழியாகவும் தண்ணீர் அடித்து இரண்டுமுறை அலசுங்கள். பிறகு 16 லிட்டர் தண்ணீரில் 160 மில்லி வீட்டுப் புழக்க அம்மோனியா கலந்து, கொஞ்சம் அடித்துக் குழாயை நிரப்பி, இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் மறுபடி இரண்டுமுறை அலச வேண்டும். அம்மோனியாவோடு பிளீச்சிங் கலந்துவிடாதீர்கள், நச்சுப்புகை வரும். கழுவிய தண்ணீரை வாய்க்காலில் கொட்ட வேண்டாம்.

பேட்டரி ஈய வகை என்றால், வேலை இல்லாத காலத்திலும் மாதம் ஒருமுறை முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள். அடுத்த பருவம் வரை அப்படியே வைத்தால் சார்ஜ் தானாக இறங்கி, பிறகு ஏறவே ஏறாது.

வாடகை நோட்டில் பெயர், தேதி, காசோடு என்ன மருந்து அடித்தார் என்பதையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மருந்தின் பெயர் சொல்லத் தெரியவில்லை என்றால் காலிப் பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். அதுவும் இல்லையென்றால் களைக்கொல்லி என்றே வைத்து, சிவப்பு ஸ்பிரேயரை மட்டும் கொடுங்கள்.