மெயில் பாக்ஸை அடைத்திருப்பது எந்த ஃபோல்டர்?

கேள்வி: ஆபீஸ் மெயிலை அவுட்லுக்கில் பார்க்கிறேன். மெயில் பாக்ஸ் நிரம்பிவிட்டது என்று தினமும் எச்சரிக்கை வருகிறது. இன்பாக்ஸில் பாதியை அழித்தும் இடம் கூடவில்லை. ஒருவர் கட்டணம் வாங்கிக்கொண்டு சரிசெய்து தருகிறேன் என்கிறார். எந்த ஃபோல்டர் இடத்தைப் பிடித்திருக்கிறது என்று நானே பார்க்க முடியுமா?

பதில்: முடியும், கணினியில் இருக்கும் கிளாசிக் அவுட்லுக்கில் இரண்டு நிமிட வேலை. அதைப் பார்த்து முடிக்கும்வரை இன்பாக்ஸில் இன்னொரு மெயிலைக்கூட அழிக்காதீர்கள். அந்த நபரிடம் பாஸ்வேர்டையும் கொடுத்துவிடாதீர்கள்.

இடப்பக்கம் ஃபோல்டர்கள் வரிசையாக இருக்கிற பகுதியில், Inbox-க்கு மேலே உங்கள் மெயில் முகவரி தெரியும். அதன்மேல் ரைட் கிளிக் செய்து, வருகிற பட்டியலில் Data File Properties என்பதைத் தேர்ந்தெடுங்கள். திறக்கும் சின்னப் பெட்டியில் Folder Size என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்திவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். உங்கள் ஃபோல்டர் ஒவ்வொன்றும் அதன் அளவோடு பட்டியலாக வந்து நிற்கும். Inbox-மீது மட்டும் ரைட் கிளிக் செய்து Properties போனாலும் இதே பட்டன் உண்டு. ஆனால் அங்கே Inbox-உம் அதற்குள் இருப்பவையும் மட்டுமே தெரியும். பலர் அங்கேயே பார்த்துவிட்டு, ஒன்றும் பெரிதாக இல்லையே என்று திரும்பிவிடுகிறார்கள். அதனால் முகவரியிலிருந்தே தொடங்குங்கள்.

பட்டியலில் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் இரண்டு எண்கள் இருக்கும். Size என்பது அந்த ஃபோல்டரில் நேரடியாகக் கிடக்கிற மெயில்களின் அளவு. Total Size என்பது அதற்குள் இருக்கும் துணை ஃபோல்டர்களையும் சேர்த்தது. முதல் எண் சிறியதாகவும் இரண்டாவது பெரியதாகவும் இருந்தால், கனம் உள்ளே ஏதோ ஒரு துணை ஃபோல்டரில் இருக்கிறது என்று அர்த்தம். எண்கள் எல்லாம் கேபியில் இருக்கும். கடைசி ஆறு இலக்கங்களை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள், மிச்சம் நிற்பது ஏறக்குறைய எத்தனை ஜிபி என்பதுதான். இந்தப் பட்டியலைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தக்கூட வழி வைக்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை எரிச்சல். எழுபது எண்பது ஃபோல்டர் வைத்திருப்பவர் மேலிருந்து கீழ்வரை கண்ணால்தான் துழாவ வேண்டும். மெயில் பாக்ஸ் நிரம்பிவிட்டது என்று தினமும் சொல்லத் தெரிந்த மென்பொருளுக்கு, எதனால் நிரம்பியது என்று அதே வரியில் சொல்வது பெரிய காரியமா?

அண்மையில் ஒருவருக்குப் பார்த்துக்கொடுத்தேன். அவருக்கு வரம்பு 50 ஜிபி, நிரம்பியது 49. அவரும் உங்களைப் போல இன்பாக்ஸில்தான் கைவைத்திருந்தார். Inbox-க்கு நேரே Size 690000 கேபி, அதாவது ஒரு ஜிபிகூட இல்லை. Total Size-இல் முப்பது ஜிபிக்கு மேல் நின்றது. ஒவ்வொரு வரியாக இறங்கினோம். Inbox-க்குள் Scan என்றொரு துணை ஃபோல்டர், 24000000 கேபி. ஆபீஸ் ஸ்கேனரிலிருந்து வருகிற மெயில்களைத் தானாக அங்கே தள்ளும்படி அவரே எப்போதோ ஒரு ரூல் போட்டு வைத்து மறந்திருக்கிறார். மூவாயிரம் மெயில்கள்தான், ஆனால் ஒவ்வொன்றிலும் ஏழெட்டு எம்பி கொண்ட ஸ்கேன் கோப்பு. மெயில்களின் எண்ணிக்கையை வைத்து இடத்தைக் கணக்குப் போட்டால் இப்படித்தான் ஏமாறுவோம். இன்பாக்ஸில் அவர் அழித்த ஆயிரக்கணக்கான மெயில்கள் வெறும் எழுத்து, அவற்றுக்கு எடையே இல்லை.

பட்டியலில் Deleted Items, Sent Items இரண்டையும் கட்டாயம் பாருங்கள். நீங்கள் அழித்தும் இடம் கூடாததற்குக் காரணம் பெரும்பாலும் Deleted Items-தான். அழித்த மெயில் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது, அதுவும் உங்கள் வரம்பில்தான் சேர்கிறது. அந்த ஃபோல்டரைக் காலிசெய்த பிறகுதான் இடம் திரும்பும். Sent Items-இல் நீங்கள் இணைத்து அனுப்பிய ஒவ்வொரு கோப்பின் நகலும் இருக்கும்.

இனி சொல்வதை நிதானமாகப் படியுங்கள், ஆபீஸ் மெயில் வைத்திருப்பவர்கள் அதிகம் சறுக்குகிற இடம் இது. Folder Size பட்டியல் வந்த பெட்டியின் மேலே Local Data, Server Data என்று இரண்டு தாவல்கள் இருக்கும். திறந்ததும் தெரிவது Local Data. உங்கள் கணினியில் இறக்கி வைத்திருக்கும் நகலின் அளவு அது. அவுட்லுக் பெரும்பாலும் மெயில் முழுவதையும் இறக்குவதில்லை, கடந்த ஓராண்டு மெயிலை மட்டும் இறக்கி வைத்துக்கொள்ளும். பழையவை சர்வரிலேயே கிடக்கும். எச்சரிக்கையோ சர்வரில் உள்ளதைக் கணக்கிட்டு வருகிறது. எனவே ஐந்து ஆண்டுக்கு முன் முடிந்துபோன ஒரு வேலைக்கான ஃபோல்டர், Local Data-வில் 0 கேபி என்று நிற்கும், Server Data-வில் 12000000 கேபி என்று நிற்கும். முதல் தாவலை மட்டும் பார்த்தவர் அந்த ஃபோல்டர் காலி என்று நம்பிவிடுவார். Server Data தாவலை அழுத்தி, அங்கே வருகிற எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தாவலிலும் மொத்தம் ஒன்றாக இல்லையே, ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். ஒன்றாக இல்லாமல் இருப்பதுதான் இயல்பு.

சரிசெய்து தருகிறேன் என்று வருகிறவர்கள் பிழைப்பதும் இந்த வித்தியாசத்தை வைத்துத்தான். கணினியில் .ost என்று முடிகிற ஒரு கோப்பை அழித்துவிட்டு, இத்தனை ஜிபி காலியாக்கிவிட்டேன் என்று காட்டுவார்கள். அது உள்ளூர் நகல். அவுட்லுக் சர்வரிலிருந்து அதை மறுபடி உருவாக்கிக்கொள்ளும், சர்வரில் ஒரு கேபிகூடக் குறைந்திருக்காது. இன்னொரு வகையினர் பழைய மெயிலையெல்லாம் .pst கோப்பு ஒன்றுக்கு நகர்த்திவிடுவார்கள். இதில் உண்மையாகவே இடம் குறையும். ஆனால் அந்த மெயில்கள் இனி சர்வரில் இருக்காது, அந்த ஒரே கணினியின் டிஸ்க்கில் மட்டும் இருக்கும். என்னிடம் வந்த ஒருவருக்கு இப்படி நகர்த்திக் கொடுத்தவர் அதைச் சொல்லவே இல்லை. எட்டு மாதத்தில் டிஸ்க் போனது, ஆறு ஆண்டு மெயில் அதோடு போனது. நகர்த்தத்தான் வேண்டும் என்றால், அந்தக் கோப்பின் நகல் வேறொரு டிஸ்க்கிலும் இருக்க வேண்டும்.

பெரிய ஃபோல்டரைக் கண்டுபிடித்துவிட்டீர்களா? அதைத் திறந்து, View மெனுவில் Arrange By போய் Size என்று வையுங்கள். மெயில்கள் எடைவாரியாகக் குழுக்களாகப் பிரியும். 5 எம்பிக்கு மேற்பட்டவை Enormous என்ற தலைப்பில் வரும். பழையவை சர்வரில் மட்டும் இருந்தால், பட்டியலின் அடியில் சர்வரில் மேலும் உள்ளதைக் காட்டச் சொல்லும் ஒரு வரி இருக்கும், அதை அழுத்தினால் அவையும் வரும். Enormous குழுவில் வேண்டிய கோப்புகளை வெளியே சேமித்துக்கொண்டு, மெயில்களை அழித்து, Deleted Items-ஐக் காலிசெய்யுங்கள். பிறகு Folder Size-ஐ மறுபடி திறந்து Server Data-வில் அதே வரியைப் பாருங்கள். எண் குறைந்திருந்தால் வேலை முடிந்தது. ஸ்கேன் மெயில்களை அங்கே தள்ளுகிற ரூல் போன்ற ஏதாவது உங்களிடமும் இருந்தால் அதையும் அன்றைக்கே நிறுத்துங்கள். எனக்குத் தெரிந்த அந்த நபர் ரூலை விட்டுவைத்ததால், நான்கே மாதத்தில் மறுபடி அதே எச்சரிக்கையோடு வந்து நின்றார்.