பிப்ரவரி 29க்கு வாடகை கிடையாது

கேள்வி: சார், பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் சின்னதாக ஒரு கஃபே வைத்திருக்கிறேன். 24 நாற்காலி. 2024 பிப்ரவரி 29 அன்று எல்லாவற்றுக்கும் 29 சதவீதம் தள்ளுபடி போட்டேன். கூட்டம் நன்றாக வந்தது. ஆனால் ராத்திரி கல்லாவை எண்ணிப் பார்த்தால் சாதாரண நாளைவிடக் குறைவு. 2028லும் ஏதாவது செய்ய ஆசை. எப்படிப் போட்டால் கையைக் கடிக்காது? கணக்கு விவரங்களைத் தனித்தாளில் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

பதில்: உங்கள் தாளிலேயே விடை இருக்கிறது. வழக்கமான வேலை நாளில் 140 பில், ஒரு பில் சராசரி 110 ரூபாய். அதில் பால், மாவு, எண்ணெய், கேஸ் என்று சரக்குக்கே 38 போகிறது, மிச்சம் 72. ஆக ஒரு நாளைக்கு 10,080. தள்ளுபடி அன்று அதே பில் 78 ரூபாய் 10 காசாகிவிட்டது. சரக்குச் செலவு மட்டும் குறையவே இல்லை, அதே 38தான். பில்லுக்கு நாற்பது ரூபாய் 10 காசு மிஞ்சியது. பழைய 10,080ஐத் தொடவே 252 பில் போட்டிருக்க வேண்டும். நீங்கள் போட்டது 210. அப்புறம் எப்படிக் கல்லா நிறையும்? 24 நாற்காலியில் 252 பேரை உட்கார வைப்பதும் நடக்கிற காரியமில்லை.

சதவீதத் தள்ளுபடியில் இன்னொரு கோளாறும் உண்டு. தினமும் வருகிறவர், தள்ளுபடி இல்லாவிட்டாலும் வந்திருப்பார். அவருக்கும் சேர்த்து நீங்கள் 32 ரூபாய் விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். புதிதாக வந்தவருக்கோ மறுபடி வர ஒரு காரணமும் இல்லை, ஏனென்றால் அடுத்த நாள் மார்ச் 1, விலை பழையபடி.

முதலில் எவ்வளவு செலவு செய்யலாம் என்று முடிவு செய்யுங்கள். இங்கே லீப் நாளுக்கே உரிய ஒரு வசதி இருக்கிறது. வாடகையை நீங்கள் மாதக்கணக்கில் கொடுக்கிறீர்கள். பிப்ரவரிக்கு 28 நாளானாலும் 29 நாளானாலும் அதே 22,000தான். வருடத்துக்குப் பிரித்தால் நாளுக்குச் சுமார் 723 ரூபாய். பிப்ரவரி 29 அன்று அது உங்களுக்கு மிச்சம். மாதச் சம்பளத்தில் இருக்கும் இரண்டு பையன்களுக்கும் இப்படித்தான்: ஆளுக்கு 15,000 என்றால் இருவருக்கும் சேர்த்து நாளுக்குச் சுமார் 1,000. ஆக 1,723 ரூபாய் அன்றைய ஆஃபருக்கான பணம். அதைத் தாண்டாதீர்கள். ஒன்று சொல்லட்டுமா, அந்தப் பையன்கள் அன்று கூலியில்லாமல்தான் நிற்கிறார்கள். தலைக்கு 200 ரூபாய் பேட்டா கொடுத்துவிடுங்கள். அதுவும் இந்த 1,723க்குள்ளேயே.

இப்போது ஆஃபர். ஒரே ஒரு தட்டு: ஒரு ஃபில்டர் காபி, ஒரு பழம்பொரி, 29 ரூபாய். உங்கள் கடையில் காபி 25, பழம்பொரி 15, சேர்த்து 40. ஆகவே ஒரு தட்டுக்கு நீங்கள் விடுவது 11 ரூபாய். சரக்கு 17 போக 12 ரூபாய் அப்போதும் உங்கள் கையில் நிற்கும். 100 தட்டு என்று எல்லை வையுங்கள். நூறு பேருமே எப்படியும் முழு விலையில் சாப்பிட்டிருப்பார்கள் என்று வைத்துக்கொண்டாலும் நஷ்டம் 1,100தான். பேட்டா 400 சேர்த்தால் 1,500. மற்ற எல்லாம் வழக்கமான விலை. தட்டு சாப்பிட வந்தவர் பக்கத்தில் கூட வந்தவர் கட்லெட் கேட்பார், குழந்தை ஐஸ்கிரீம் கேட்கும். அந்தப் பில்லில் தள்ளுபடி இல்லை.

சிக்கன் ரோலை ஏன் வைக்கவில்லை என்று கேட்பீர்கள். 2028 பிப்ரவரி 29 செவ்வாய்க்கிழமை. உங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் செவ்வாய், வெள்ளி கவிச்சி தொடாதவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அதோடு மாசக் கடைசி, சம்பளம் இன்னும் ஒரு நாள் தள்ளிப்போய்விட்ட நாள். 29 ரூபாய் அன்றைக்குப் பாக்கெட்டுக்கு ஒத்து வரும்.

தட்டு வெறும் சாக்குதான். வந்தவர் கையில் கொடுத்தனுப்பும் அட்டையில்தான் விஷயம் இருக்கிறது. தட்டு வாங்கியவருக்கு வரிசை எண் போட்ட ஒரு சின்ன அட்டை. அதில், ‘2032 பிப்ரவரி 29 அன்று இந்த அட்டையுடன் வந்தால் இதே தட்டு, அன்றும் 29 ரூபாய்தான்’ என்று இருக்கட்டும். சிரிப்பார்கள், ஆனால் வீசி எறிய மாட்டார்கள். பர்ஸில் போவதும் உண்டு, பீரோவுக்குள் போவதும் உண்டு. அந்தத் தட்டு அப்போது 60 ரூபாய்க்கு விற்றாலும், நூறு பேரும் தவறாமல் வந்தாலும் 3,100 ரூபாய்தான் போகும். நூற்றில் எத்தனை பேர் நான்கு வருடம் அட்டையைக் காப்பாற்றுவார்கள்? வருகிறவரும் தனியாக வர மாட்டார், ஏனென்றால் 2032இல் அந்த நாள் ஞாயிற்றுக்கிழமை.

அட்டை விஷயத்தில் ஒரு கவனம். கம்ப்யூட்டர் பில்லின் பின்பக்கத்தில் அச்சடித்துவிடலாமே என்று நினைக்காதீர்கள். அது வெப்பத்தில் எழுத்து விழும் தாள், சட்டைப் பையில் நாலு மாதம் இருந்தாலே வெளுக்கும், நாலு வருடத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். கெட்டி அட்டை வாங்கி, கடை ரப்பர் ஸ்டாம்பை வையுங்கள். வரிசை எண்ணைப் பேனாவில் எழுதி, அதே எண்ணை ஒரு நோட்டிலும் ஏற்றுங்கள். நகல் எடுத்து வந்தால் நோட்டு காட்டிக்கொடுக்கும். ‘இந்தக் கடை நடக்கும் வரை’ என்ற வரியும் அட்டையில் இருக்கட்டும்.

அடுத்து, அன்று பிறந்தவர்கள். நான்கு வருடத்துக்கு 1,461 நாள், அதில் ஒன்று இது. பிறப்பு எல்லா நாளிலும் ஒரே அளவில் நடக்கிறது என்று வைத்தால் 30,000 பேர் வந்துபோகும் வட்டாரத்தில் சுமார் 20 பேர். அவர்களுக்கு ஒரு துண்டு கேக்கை இலவசமாகக் கொடுத்தால் பெரிய செலவு ஆகாது, மிச்சமிருக்கும் 223 ரூபாயே போதும். அவர்களோடு வரும் வீட்டார்தான் உங்கள் வியாபாரம். அடையாள அட்டையைப் பார்த்தால் போதும், படம் எடுத்து வைக்காதீர்கள். அதிலும் கறாராக இருக்க வேண்டாம். நம் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்குப் பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் போட்ட தேதிதான் பிறந்த தேதி. லீப் நாளில் பிறந்த பிள்ளைக்கு பிப்ரவரி 28 என்றோ மார்ச் 1 என்றோ எழுதி வைத்த வீடுகளும் உண்டு. வயதான அம்மா ஒருத்தர் வந்து ‘நான் அன்னைக்குத்தான் பொறந்தேன்’ என்றால் கேக்கைக் கொடுத்துவிடுங்கள்.

சம்மதித்தால் பெயரும் போன் நம்பரும் வாங்கி வையுங்கள். நடுவில் வரும் மூன்று வருடமும் பிப்ரவரி 28 மாலை கூப்பிட்டு ஒரு காபி கொடுக்கலாம். நட்சத்திரப்படி பிறந்தநாள் பார்க்கிற வீடுகளில் இவர்களுக்கும் வருடா வருடம் பிறந்தநாள் வந்துவிடும். தேதியை நம்பியவர்கள் பாடுதான் திண்டாட்டம். மொரார்ஜி தேசாய் பிறந்தது 1896 பிப்ரவரி 29. 1900 லீப் வருடம் இல்லாததால் தேதிப்படி அவருடைய முதல் பிறந்தநாள் 1904இல்தான் வந்தது. மதுரையில் ருக்மிணி தேவி அருண்டேல் பிறந்ததும் சரியாக அந்த 1904 பிப்ரவரி 29 அன்றுதான். இதை மேஜைக்கு மேஜை ஒரு சீட்டில் எழுதி வைத்தால் காபி வரும்வரை படித்துக்கொண்டிருப்பார்கள். படம் போட்டு விளம்பரம் மட்டும் வேண்டாம்.

குலுக்கல் பரிசு என்று யாராவது யோசனை சொன்னால் விட்டுவிடுங்கள். விற்பனையைக் கூட்டுவதற்காக நடத்தும் குலுக்கலை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக முறைகளில் சேர்த்திருக்கிறது. ‘முதல் 100 தட்டு மட்டும்’ என்பதையும் போர்டில் மூலையில் பொடி எழுத்தில் போடாமல் 29 ரூபாய் என்ற எழுத்தின் அளவுக்கே போடுங்கள். நூற்றியோராவது ஆளிடம் சண்டை வராது. போர்டு தமிழிலும் மலையாளத்திலும் இருக்கட்டும். அதிவர்ஷம், நெட்டாண்டு என்றெல்லாம் வேண்டாம். நாலு வருஷத்துக்கு ஒரு நாள் என்றால் இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் புரியும்.

இனி அடுக்களை. 2016 பிப்ரவரி 29 அன்று நான் ஆலோசனை சொன்ன ஒரு பேக்கரியில் நேரம் குறிக்காமல் ஆஃபரைத் திறந்துவிட்டோம். நாலரை மணிக்குக் கல்லூரிப் பேருந்து வந்து நின்றது. பத்து நிமிடத்தில் பால் தீர்ந்தது. பக்கத்துக் கடைக்கு ஓடிய பையன் திரும்பி வருவதற்குள் பாதிப் பேர் போய்விட்டார்கள், மீதிப் பேர் என்னை முறைத்துக்கொண்டு நின்றார்கள். ஆகவே நூறு தட்டையும் இரண்டாகப் பிரியுங்கள்: காலை பத்தரை முதல் பன்னிரண்டரை வரை ஐம்பது, இரண்டு முதல் நாலு வரை ஐம்பது. உங்கள் தாளில் பில் குறைவாக விழும் நேரங்கள் இவைதான். நாலு மணிக்கு மேல் நாற்காலி முழு விலைக்காரர்களுக்கு வேண்டும்.

ஒரு காபிக்கு 100 மில்லி என்றால் கூடுதலாக 10 லிட்டர் பால், முந்தின நாளே பால்காரரிடம் சொல்லிவிடுங்கள். நேந்திரம்பழத்தை நீளவாக்கில் மூன்றாகச் சீவினால் நூறு பழம்பொரிக்கு 34 பழம் போதும், ஆனால் 40 வாங்குங்கள், நடுவில் கறுத்தது, உடைந்தது என்று கொஞ்சம் போகும். அன்று காலை சந்தைக்குப் போனால் காயாகத்தான் கிடைக்கும். நாலைந்து நாள் முன்பே வாங்கிப் பழுக்கவிட்டு, தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த பிறகு போட்டால்தான் தித்திப்பு இருக்கும்.

பில் மெஷினை முன்கூட்டியே சோதியுங்கள். 2024 பிப்ரவரி 29 அன்று நியூசிலாந்தில் பெட்ரோல் பங்க்குகளில் அட்டைப் பணம் வாங்கும் இயந்திரங்கள் அந்தத் தேதியைப் புரிந்துகொள்ளாமல் பல மணி நேரம் நின்றுபோயின. உங்கள் மென்பொருளில் தேதியை 2028 பிப்ரவரி 29 என்று மாற்றி ஒரு சோதனை பில் போட்டு, அன்றைய கணக்கை முடித்துப் பாருங்கள். மார்ச் 1க்குச் சரியாக நகர்கிறதா என்று பார்த்துவிட்டுத் தேதியைத் திருப்பி வையுங்கள். மென்பொருள்காரரைக் கேட்காமல் அசல் கணக்கில் கை வைக்காதீர்கள். கல்லாவில் ஒரு கைப்பில் புத்தகமும் இருக்கட்டும்.

பலன் தெரிய, பிப்ரவரி 1, 8, 15, 22 செவ்வாய்களின் பில் எண்ணிக்கையை இப்போதே நோட்டில் எழுத இடம் விடுங்கள். பக்கத்தில் மார்ச் 7, 14, 21, 28. இரண்டு வரிசையும் ஒரே அளவில் நின்றால் அன்று வந்தவர்கள் தட்டுக்கு மட்டும் வந்தவர்கள். ஏழெட்டு பில்லாவது தொடர்ந்து கூடியிருந்தால் 1,723 ரூபாய் சீக்கிரமே திரும்பிவிடும்.

அப்புறம், தட்டு 29 ரூபாய். முப்பது நீட்டும் ஒவ்வொருவருக்கும் ஒரு ரூபாய் சில்லறை கொடுக்க வேண்டும். முந்தின வாரமே நூறு ஒரு ரூபாய் நாணயம் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். மிட்டாய் கொடுத்துச் சமாளிக்க வேண்டாம்.