பணம் கட்டியாச்சு, மெயில் மட்டும் வரவில்லை

கேள்வி: போன வாரம் ஒரு ஆன்லைன் படிப்புக்கு ஃபோனிலேயே கணக்கு தொடங்கி ஆண்டுச் சந்தாவும் கட்டினேன். உறுதிப்படுத்தும் மெயில் வரவே இல்லை. ஃபோனில் ஆப் திறக்கிறது, லேப்டாப்பில் உள்ளே போக முடியவில்லை. "பாஸ்வேர்டு மறந்துவிட்டேன்" அழுத்தினால் மெயில் அனுப்பியதாகச் சொல்கிறது, ஸ்பாமில்கூட எதுவும் இல்லை. முகவரியைத் தப்பாக அடித்துவிட்டேனோ?

பதில்: அப்படித்தான் தெரிகிறது. முதல் வேலை, ஃபோனில் லாக் அவுட் செய்யாதீர்கள், ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி போடவும் வேண்டாம். உங்களிடம் இப்போது இருக்கும் ஒரே சாவி அதுதான்.

அந்த "மெயில் அனுப்பினோம்" என்ற வரியை நம்பாதீர்கள். பல தளங்கள் அந்த முகவரியில் கணக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே வரியைத்தான் காட்டும், யாருக்கு எங்கே கணக்கு இருக்கிறது என்று வெளி ஆள் சோதித்துப் பார்க்கக் கூடாது என்பதற்காக. நீங்கள் சரியான முகவரியைக் கொடுக்கிறீர்கள், அவர்கள் பதிவில் இருப்பதோ தப்பான முகவரி, அதனால் பாஸ்வேர்டு மாற்றும் மெயில் கிளம்பவே இல்லை.

ஆகவே அன்றைக்கு என்ன அடித்தீர்கள் என்பதை எழுத்து எழுத்தாகக் கண்டுபிடிக்க வேண்டும். ஆப்பில் சுயவிவரம் அல்லது கணக்கு அமைப்புகள் பக்கத்தில் இருக்கும், இல்லையென்றால் ஃபோன் சேமித்து வைத்த பாஸ்வேர்டு பட்டியலைத் திறந்தால் அந்தத் தளத்தின் பெயருக்குக் கீழே நீங்கள் அடித்த முகவரி அப்படியே நிற்கும். நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் கண் தானாகவே திருத்திப் படித்துவிடும். என் அக்காவுக்கு இதே சிக்கல் வந்தபோது gmial.com என்று இருந்ததை நாங்கள் இரண்டு பேரும் மூன்று முறை பார்த்தும் பிடிக்கவில்லை, பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்த பிறகுதான் சிக்கியது. ஜிமெயிலில் பெயருக்கு நடுவே ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தால் கவலை இல்லை, அது புள்ளியைக் கணக்கில் எடுப்பதில்லை. மற்ற எந்த எழுத்து மாறினாலும் அது வேறு முகவரிதான்.

தப்பு தெரிந்ததும் லேப்டாப்பில் அந்தத் தப்பான முகவரியையே போட்டு, நீங்கள் வைத்த பாஸ்வேர்டைக் கொடுங்கள். பலருக்கு இது தோன்றுவதே இல்லை. உறுதிப்படுத்தாவிட்டாலும் உள்ளே விடும் தளமென்றால் அப்படியே திறந்துவிடும். பிறகு அமைப்புகளில் முகவரியை மாற்றுங்கள். உறுதிப்படுத்தும் மெயில் புது முகவரிக்கு மட்டும் போனால் வேலை அங்கேயே முடிந்தது. சில தளங்கள் பழைய முகவரியிலிருந்தும் சம்மதம் கேட்கும், அப்போது வாடிக்கையாளர் சேவையைத்தான் பிடிக்க வேண்டும்.

அவர்களுக்கு எழுதும்போது "மெயில் வரவில்லை" என்று மட்டும் எழுதினால் ஸ்பாமைப் பாருங்கள் என்று பதில் வரும். இப்படி எழுதுங்கள்: "பதிவு செய்தபோது முகவரியைத் தவறாக அடித்துவிட்டேன். பதிவில் இருப்பது இது, இருக்க வேண்டியது இது. இந்தத் தேதியில், இந்தத் தொகை, இந்தப் பரிவர்த்தனை எண்ணில் கட்டியிருக்கிறேன்." வங்கி அறிக்கையில் வரும் பரிவர்த்தனை எண்தான் இங்கே பலமான ஆதாரம், அதை வைத்து முகவரி இல்லாமலேயே உங்கள் கணக்கைத் தேட முடியும். கார்டின் கடைசி நாலு இலக்கம் கேட்டால் கொடுக்கலாம். முழு எண், சிவிவி, ஓடிபி, பாஸ்வேர்டு யார் கேட்டாலும் தராதீர்கள். ஆப் ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் சந்தா ஸ்டோர் கணக்கில் இருக்கும், ரசீதும் அங்கேயே கிடைக்கும்.

பதில் வரும் வரை சரியான முகவரியில் இன்னொரு கணக்கு தொடங்காதீர்கள். அது சந்தா இல்லாத வெறும் கணக்காக இருக்கும், அப்புறம் பழைய கணக்கை அந்த முகவரிக்கு மாற்றப் போனால் "ஏற்கனவே பயன்பாட்டில் உள்ளது" என்று தடுக்கும்.

தள்ளிப்போடவும் வேண்டாம். gmail.con மாதிரி இல்லாத முகவரி என்றால் மெயில் யாருக்கும் போகாது. பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் அது நிஜமாகவே இன்னொருவருடைய முகவரியாக இருக்கலாம். gmial.com மாதிரி பெயர்களை வேறு யாராவது பதிவு செய்து, வரும் மெயிலையெல்லாம் வாங்கிக்கொண்டும் இருக்கலாம். அப்படியென்றால் உங்கள் உறுதி இணைப்பு அவர்கள் கையில் இருக்கிறது, அவர்கள் நினைத்தால் பாஸ்வேர்டையே மாற்றிவிட முடியும். அதனால் முகவரி திருத்தப்படும் வரை அந்தக் கணக்கில் கார்டு விவரத்தை நீக்க முடிந்தால் நீக்கிவையுங்கள், திருத்தியதும் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

எல்லாம் சரியான பிறகு, ஃபோன் தானாக நிரப்பும் பட்டியலில் அந்தத் தப்பான முகவரி உட்கார்ந்திருக்கும், அதையும் அழித்துவிடுங்கள். என் அக்கா அதை விட்டுவிட்டதால் அடுத்த மாதம் இன்னொரு தளத்திலும் அதே முகவரி போய் விழுந்தது.