இருப்பு வரம்பின் காலம் முடிந்துவிட்டது. கைப்பற்றிய துவரை திரும்ப வருமா?

கேள்வி: விருதுநகரில் பருப்பு மொத்த வியாபாரம் செய்கிறேன். 2024 ஆகஸ்ட் 28 அன்று அதிகாரிகள் என் கிட்டங்கியைச் சோதித்தார்கள். 240 டன் துவரை இருக்கிறது, வரம்பு 200 டன்தான் என்று 40 டன்னைக் கைப்பற்றினார்கள். செப்டம்பரில் பறிமுதல் நோட்டீஸ் வந்தது. அக்டோபர் 4 அன்று இன்னொரு கிட்டங்கியிலிருந்து 25 டன்னை எடுத்தார்கள். செப்டம்பர் 30 அன்றும் வரம்பு தாண்டியிருந்ததாம். அந்த வரம்பு உத்தரவே செப்டம்பர் 30-உடன் முடிந்துவிட்டது, இனி யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார் எங்கள் ஆடிட்டர். டி.ஆர்.ஓ. முன் விசாரணை நிலுவையில் இருக்கிறது. கிரிமினல் வழக்கும் வரும் என்கிறார்கள். ஆடிட்டர் சொல்வதை நம்பலாமா?

பதில்: உங்கள் இரண்டு சரக்கையும் ஒன்றாக வைத்துப் பேசாதீர்கள். அக்டோபர் 4 அன்று எடுத்த 25 டன்னில் உங்கள் நிலை வலுவானது. ஆகஸ்ட் 28 அன்று எடுத்த 40 டன்னுக்கு ஆடிட்டரின் வாதத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பது ஆபத்து.

ஆடிட்டர் சொல்வதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. காலவரையறை வைத்துப் பிறக்கும் ஒரு சட்டம் தன் நாள் முடிந்து தானாக இறந்தால், அதன் கீழ் ஒருவர்மேல் நடந்துகொண்டிருக்கும் நடவடிக்கையும் கூடவே முடியும். 'முடிந்தாலும் இன்னின்னவை தொடரும்' என்று சட்டமே சொல்லியிருந்தால்தான் விதிவிலக்கு. 1951-இல் எஸ். கிருஷ்ணன் எதிர் மதராஸ் மாநிலம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பொது விதியைச் சொன்னது. ரத்து செய்யப்பட்ட சட்டத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது. 1897-ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாஸஸ் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, ரத்துக்கு முன் ஏற்பட்ட உரிமை, பொறுப்பு, தண்டனை, நிலுவை விசாரணை எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும். ஆனால் அந்தப் பிரிவு சட்டம் ரத்தாவதைப் பற்றித்தான் பேசுகிறது. காலாவதியையும் அது தொடாது, அரசு போடும் விதிகளையும் உத்தரவுகளையும் தொடாது. உங்கள் உத்தரவு இந்த இரண்டு காரணத்தாலும் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறது.

இதை மிகக் கூர்மையாகக் காட்டிய வழக்கு நம் சென்னையிலிருந்து போனது. ராயலா கார்ப்பரேஷன் மீது, அந்நியச் செலாவணிப் பரிமாற்றம் தொடர்பாக, இந்தியப் பாதுகாப்பு விதிகளின் 132-ஏ விதியை மீறியதாக 1968 மார்ச்சில் புகார் தாக்கலானது. அந்த விதியோ 1965 மார்ச் 30-ஆம் தேதியே நீக்கப்பட்டிருந்தது. நீக்கிய அறிவிக்கையில் 'அந்த விதியின் கீழ் செய்யப்பட்டவை, செய்யாமல் விடப்பட்டவை நீங்கலாக' என்ற ஒரு காப்பு வாசகமும் இருந்தது. அதுகூடப் போதாது என்றது உச்ச நீதிமன்றம். விதியின் கீழ் செய்தவற்றை அந்த வாசகம் காப்பாற்றும்; மூன்று ஆண்டு கழித்துப் புதிதாக வழக்குத் தொடுக்க அது அதிகாரம் தராது. 6-ஆவது பிரிவும் கைகொடுக்காது, நீக்கப்பட்டது சட்டமல்ல, விதி. 1969-இல் அந்த விதியை வைத்துப் போட்ட குற்றச்சாட்டு விழுந்தது.

ஆடிட்டர் இத்தோடு நின்றுவிடுகிறார். நாம் இன்னும் ஒரு படி உள்ளே போக வேண்டும். ராயலா வழக்கில் தடையும் அதே விதியில் இருந்தது, மீறியவருக்கான தண்டனையும் அதே விதியில் இருந்தது. விதி போனதும் தண்டிக்க எதுவும் மிஞ்சவில்லை. 2000-இல் வந்த கோலாப்பூர் கேன்சுகர் தீர்ப்பும் இப்படித்தான். கலால் விதிகளில் 10, 10-ஏ என்ற விதிகளின் கீழ் நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். அந்த விதிகள் மாற்றப்பட்டபோது காப்பு வாசகம் எதுவும் இல்லை, நிலுவை நோட்டீஸ்கள் செத்தன. வரியைக் கேட்கும் அதிகாரமே அந்த விதியில்தான் குடியிருந்தது. பிறகு 2001-இல் நாடாளுமன்றம் கலால் சட்டத்தில் 38-ஏ பிரிவைச் சேர்த்து, முன்தேதியிட்டு அந்த ஓட்டையை அடைத்தது.

உங்கள் வழக்கில் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உணவுப் பொருட்களின் இருப்பு வரம்பு பற்றி மத்திய அரசு போட்ட 2016-ஆம் ஆண்டின் உத்தரவைத் திருத்தித்தான் 2024 ஜூன் 21 அன்று துவரைக்கும் கொண்டைக்கடலைக்கும் வரம்பு வைத்தார்கள். மொத்த வியாபாரிக்கு 200 டன், சில்லறைக் கடைக்கு 5 டன், செப்டம்பர் 30 வரை. அந்த உத்தரவு வரம்பை மட்டும்தான் தருகிறது. மீறினால் பறிமுதல் செய்யும் அதிகாரம் 1955-ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் 6-ஏ பிரிவில் இருக்கிறது. நோட்டீஸ், விளக்கம், நேரடி விசாரணை ஆகியவை 6-பி பிரிவில். சிறைத் தண்டனை 7-ஆவது பிரிவில். இந்தச் சட்டம் எங்கும் காலாவதியாகவில்லை. 6-ஏ பிரிவின் வாசகமும் உங்களுக்கு எதிராகத்தான் இருக்கிறது: உத்தரவின்படி கைப்பற்றிய பொருள் குறித்து, 'மீறல் நடந்திருக்கிறது' என்று கலெக்டர் திருப்தியடைந்தால் பறிமுதல் செய்யலாம். மீறல் நடந்த நாளில் உத்தரவு உயிரோடு இருந்ததா என்பதே கேள்வி. முடிவெடுக்கும் நாளிலும் அது உயிரோடு இருக்க வேண்டும் என்று அந்த வாசகம் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 28 அன்று வரம்பு இருந்தது, கைப்பற்றியதும் அன்றே, நோட்டீஸும் செப்டம்பரிலேயே வந்துவிட்டது. ஆகவே அந்த 40 டன் மீதான விசாரணை காலாவதியால் நின்றுவிடாது என்பதே என் கருத்து. குற்றவழக்கிலும் அரசு இதே வாதத்தை வைக்கும். அங்கே உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் உண்டு. தண்டனைச் சட்டத்தைக் குறுக்கித்தான் படிக்க வேண்டும், காப்பு வாசகம் இல்லாத உத்தரவு முடிந்தபின் புதிதாக வழக்குத் தொடுப்பதை ராயலா ஏற்கவில்லை என்று வாதாடலாம். எதிர்த்தரப்பு 2015-ஆம் ஆண்டின் ஃபைபர் போர்ட்ஸ் தீர்ப்பைக் காட்டும். நீக்கமும் ரத்தில் அடங்கும் என்றும், ராயலாவில் அதுபற்றிச் சொன்னது வழக்குக்கு அவசியமில்லாத கருத்து என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அங்கே பேசப்பட்டது சட்டப் பிரிவைப் பற்றி. தானாக முடியும் உத்தரவை அது தொடவில்லை என்று பதில் சொல்லுங்கள். வாதாடத் தகுந்த வாதம்தான், ஜெயிக்கும் என்று உறுதி தரமாட்டேன். அரசியல் சாசனத்தின் 20(1) பிரிவும் உதவாது. செய்த நாளில் குற்றமாக இருந்ததா என்று மட்டுமே அது கேட்கும்.

அக்டோபர் 4 கதை வேறு. அன்று துவரைக்கு வரம்பே இல்லை. உத்தரவின்படி கைப்பற்றிய பொருளைத்தான் 6-ஏ பிரிவு பறிமுதல் செய்ய விடுகிறது. செப்டம்பர் 30 நள்ளிரவுக்குப் பின் 225 டன் வைத்திருந்தாலும் 500 டன் வைத்திருந்தாலும் உங்கள் கிட்டங்கியில் இருந்தது சட்டப்படியான சரக்கு. முந்தைய நாட்களின் மீறலைப் பதிவேட்டிலிருந்து எடுத்து வழக்குப் போட முயலலாம். ஆனால் அந்தப் பழைய மீறலைக் காட்டி அக்டோபரில் புதிதாகப் பொருளைத் தூக்கிச் செல்ல, அன்று உயிரோடிருந்த ஓர் உத்தரவைக் காட்டியாக வேண்டும். இல்லாத உத்தரவின் கீழ் கைப்பற்றல் கிடையாது. அந்த 25 டன்னை விடுவிக்கக் கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் போடுங்கள். மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டாம். பறிமுதல் நிலுவையில் இருக்கும் பொருளைப் பற்றி உத்தரவிட மற்ற நீதிமன்றங்களுக்கு அதிகாரமில்லை என்று 6-இ பிரிவு தடுக்கிறது. ரிட் அதிகாரத்தை அந்தத் தடை கட்டுப்படுத்தாது.

இதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அரசிதழை வாங்கி, வரம்பைச் செப்டம்பர் 30-க்குப் பின் நீட்டித்த அறிவிக்கை ஏதும் உங்கள் பொருளுக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் அது வெளியான தேதி முக்கியம். செப்டம்பர் 30-க்குள் வந்திருந்தால் வரம்பு தொடர்ந்திருக்கும், என் வாதம் விழும். அதற்குப் பின் வந்திருந்தால் இறந்துபோன உத்தரவை நீட்டிக்க முடியாது. புதிய உத்தரவாகத்தான் அது நிற்கும், தன் தேதியிலிருந்துதான் பேசும், இடைப்பட்ட நாட்களைக் குற்றமாக்க முடியாது. கிடைத்த பத்திரிகைச் செய்தியை வைத்து முடிவு செய்யாதீர்கள், அறிவிக்கையின் வாசகத்தையே படியுங்கள்.

40 டன்னுக்கு டி.ஆர்.ஓ. முன் நீங்கள் கொடுக்கும் எழுத்துப்பூர்வ விளக்கத்தில் காலாவதி வாதத்தை ஆட்சேபமாகப் பதிவு செய்யுங்கள். பதிவு செய்யாவிட்டால் மேல்முறையீட்டில் 'அங்கே ஏன் சொல்லவில்லை' என்ற கேள்வி வரும். ஆனால் உங்கள் முழு பலத்தையும் உண்மைகளில் வையுங்கள். அந்த 240 டன்னும் உங்களுடையதா? கமிஷனுக்கு வந்து இறங்கிய பிறர் சரக்கு, விற்று பில் போட்டும் வண்டி ஏறாமல் நின்ற மூட்டைகள் ஏதாவது அதில் உண்டா? நுகர்வோர் விவகாரத் துறையின் இணையதளத்தில் நீங்கள் பதிந்து காட்டிய இருப்பு எவ்வளவு? வரம்புக்கு மேல் இருந்தவர்கள் ஜூலை 12-க்குள் குறைக்க வேண்டும் என்று அவகாசம் தந்திருந்தார்கள். நீங்கள் குறைத்துக்கொண்டே வந்ததைப் பில்கள் காட்டுகின்றனவா? மறைக்காமல் காட்டிய சிறு மிகையையும் பதுக்கலையும் ஒரே மாதிரி நடத்த வேண்டியதில்லை. பறிமுதல் 'செய்யலாம்' என்றுதான் பிரிவு சொல்கிறது. முழுவதுமா, ஒரு பகுதியா என்பதும் அதிகாரியின் தீர்மானம்.

துவரை வண்டு விழும் பொருள். சரக்கை விற்றுப் பணத்தைக் கணக்கில் வைக்கும்படி மனுப் போடுங்கள். 6-ஏ பிரிவிலேயே அதற்கு வழி இருக்கிறது. கைப்பற்றிய உரமும் தானியமும் அரசின் கையில் கெட்டுப்போனதற்கு அரசு இழப்பீடு தர வேண்டும் என்று 1994-இல் நாகேந்திர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். பறிமுதல் உத்தரவு வந்துவிட்டால், அது உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் 6-சி பிரிவின் கீழ் மேல்முறையீடு. அதில் வென்று பொருளைத் திருப்பித் தர முடியாமல் போனால், விலையும் கைப்பற்றிய நாளிலிருந்து நியாயமான வட்டியும் கிடைக்கும்.

கிரிமினல் வழக்கு இதுவரை வரவில்லை என்பதால் இனி வராது என்று நினைக்காதீர்கள். இதுபோன்ற மீறலுக்கு 7-ஆவது பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களுக்கு வழக்குத் தொடுக்கும் கால வரம்பு பொருந்தாது. அதனால் 2024 ஜூன் முதல் அக்டோபர் வரையிலான இருப்புப் பதிவேடு, எடைச்சீட்டு, லாரி ரசீது, இணையதளத்தில் பதிந்த விவரத்தின் அச்சுப்படி எல்லாவற்றையும் தனிக் கோப்பில் கட்டி வையுங்கள். ரிட் மனுவுக்கும் முதலில் கேட்கப்படுவது அக்டோபர் 4 அன்று அதிகாரி கையெழுத்திட்டுக் கொடுத்த மகஜர்தான். அதில் எந்த உத்தரவின் கீழ் கைப்பற்றியதாக எழுதியிருக்கிறார் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.