சின்னச் சின்னப் பங்குகளுக்கு எந்த வரைபு?

"கல்முனைச் சந்தை மீன் விற்பனையை 11 வகையா வட்ட வரைபு போட்டன். சின்னத் துண்டெல்லாம் ஒரே மாதிரித் தெரியுது. டோனட் போட்டாச் சரிவருமா?"

சரிவராது. பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிய சலாகை வரைபு போடுங்கள்.

வட்டம், டோனட், சலாகை மூன்றும் மொத்தத்தில் ஒவ்வொரு வகையின் பங்கைக் காட்டுபவைதான். வட்டத்தில் 1 சதவீதம் என்பது 3.6 பாகை. சூரை 5, பாரை 4 சதவீதம் என்று வையுங்கள்: 18 பாகையும் 14.4 பாகையும். இரு துண்டும் வெவ்வேறு பக்கம் சாய்ந்து கிடந்தால் எது பெரிதென்று கண்ணுக்குப் பிடிபடாது. டோனட்டில் நடுவை வெட்டி எடுத்தாலும் அதே கோணம்தான். நடுவில் மொத்தத் தொகையை எழுத இடம் கிடைக்கும், அவ்வளவே.

மீன்களை வட்டமாகப் பரப்பி வைத்தால் எது நீளமென்று சொல்வது கஷ்டம். வால்களைப் பலகை விளிம்போடு ஒட்டி அடுக்கினால் விரற்கடை வித்தியாசமும் தெரியும். சலாகைகளும் அப்படி ஒரே கோட்டில் தொடங்குகின்றன. அந்தக் கோடு பூச்சியமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் நீளம் பொய் சொல்லும்.

இரண்டு மூன்று பங்குதான், அதில் ஒன்று பாதியைத் தாண்டுகிறது என்றால் வட்டமே நல்லது.

சதவீதம் என்றாலே வட்டம்தான் என்பது தவறு: அச்சில் "மொத்த விற்பனையில் சதவீதம்" என்று எழுதினால் சலாகையும் பங்கைத்தான் காட்டும்.